அலுமினிய பிளாக்கில் இரும்பு லைனர்: வாங்கும் முன் ஒரு கணக்கு

எஞ்சின் பிளாக்கின் சிலிண்டர் துளைக்குள் சுவராகப் பொருத்தும் குழாய்தான் லைனர், அதையே ஸ்லீவ் என்றும் சொல்வார்கள். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு ஸ்லீவ் போட்டுப் பழகிய பட்டறைக்கு அலுமினிய பிளாக் வரும்போது, இறுக்க அளவை, அதாவது லைனர் தன் துளையைவிட எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை, பழைய கணக்கிலேயே வைப்பது அடிக்கடி நடக்கிறது. வண்டி ஓடும், கொஞ்ச நாளில் ஹெட் கேஸ்கெட் போகும் அல்லது பிஸ்டன் பிடிக்கும். இரண்டு உலோகங்களும் சூட்டில் ஒரே மாதிரி விரியாததுதான் காரணம். லைனர் மாற்றும் வேலையை முதலிலிருந்து பார்ப்போம். முக்கியமான இடம் நான்காம் படி.

படி 1: பிளாக் எது, சுவர் எது?

ஒரு காந்தத்தை பிளாக்கின் வெளிப்புறத்தில் வையுங்கள், பிறகு சிலிண்டரின் உள்சுவரில் வையுங்கள். இரண்டிலும் கெட்டியாக ஒட்டினால் முழு வார்ப்பிரும்பு. அம்பாசடரில் வந்த பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இந்த வகை. வெளியே ஒட்டாமல் உள்ளே கெட்டியாக ஒட்டினால் அலுமினிய பிளாக்கில் இரும்பு லைனர்.

உள்ளேயும் சரியாக ஒட்டவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அந்தச் சுவரில் நிக்கல் கலந்த மெல்லிய பூச்சு இருக்கலாம், அல்லது சிலிக்கான் அதிகம் சேர்த்த அலுமினியமே சுவராக இருக்கலாம். இரண்டையும் சாதாரண ஹோனிங் கல்லால் தேய்த்தால் சுவர் கெடும். 1971 மாடல் செவ்ரோலே வேகா காரில் ஏறத்தாழ 17 சதவீதம் சிலிக்கான் கலந்த, லைனரே இல்லாத அலுமினிய பிளாக்கும் அதன்மேல் வார்ப்பிரும்பு ஹெட்டும் இருந்தன. சூடேறிய வண்டிகளில் சுவர் கீறி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. அவற்றில் பலவற்றைத் துளையைப் பெரிதாக்கி இரும்பு ஸ்லீவ் போட்டுத்தான் சரிசெய்தார்கள்.

படி 2: எடையில் என்ன கிடைக்கிறது?

ஒரு கன சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு சுமார் 7.2 கிராம், அலுமினியம் சுமார் 2.7 கிராம். அதை வைத்து பிளாக்கும் அதே விகிதத்தில் குறையும் என்று நினைக்க வேண்டாம். அலுமினியம் விறைப்பு குறைந்தது, அதனால் சுவர்களையும் போல்ட் பிடிக்கும் இடங்களையும் தடிப்பாக வார்க்கிறார்கள். உள்ளே லைனரும் இரும்புதான். ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வகை வி-8 எஞ்சின்கள் இரண்டு உலோகத்திலும் வந்தவை. அவற்றில் எடை ஏறத்தாழ பாதியாகிறது, 40 கிலோவுக்கு மேல் மிச்சம். காரின் முன்பக்கத்திலிருந்து அவ்வளவு குறைவது பெரிய விஷயம். டிராக்டருக்கு எடை ஒரு குறையே இல்லை, அங்கே நான் யோசிக்காமல் இரும்பைத்தான் சொல்வேன்.

படி 3: சூடேறிய பிளாக்கை அளப்பது

அலுமினிய வார்ப்பு வெப்பத்தை இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். சுவரிலிருந்து தண்ணீருக்குச் சூடு சீக்கிரம் போய்விடும். ஆனால் கூலன்ட் தீர்ந்துவிட்டால் நிலைமை தலைகீழ். அலுமினியம் 200 டிகிரியை நெருங்கும்போதே வலுவை இழக்கத் தொடங்கும், போல்ட்டின் இழுப்பில், ஹெட் உட்காரும் மேல்முகம் கோணும். இரும்பு பிளாக் அதே சூட்டைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

மேல்முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களில் வைத்துப் பாருங்கள். அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் எங்கேயும் நுழைந்தால் பெரும்பாலான கார் எஞ்சின்களுக்கு அது எச்சரிக்கை. உங்கள் எஞ்சினின் எல்லை சர்வீஸ் மேனுவலில் இருக்கும், முடிவு அதன்படிதான். அப்புறம் லைனரின் மேல் விளிம்பை நகத்தால் தடவுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் விளிம்பு கீழே இறங்கியிருந்தால் அந்த லைனர் பிடி விட்டுவிட்டது. டயல் போர் கேஜில் ஓவல் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. தளர்ந்த லைனரை போரிங் செய்வதில் பயன் இல்லை.

படி 4: இறுக்கக் கணக்கு

தண்ணீர் நேராகத் தொடாத உலர் லைனரை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிவிட்டம் 84 மி.மீ. பட்டறையில் அளக்கும்போது 30 டிகிரி, ஓடும்போது 100 டிகிரி, வித்தியாசம் 70. ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் தன் அளவில் பத்து லட்சத்தில் சுமார் 22 பங்கு விரியும், வார்ப்பிரும்பு சுமார் 11 பங்கு.

```
அலுமினியத் துளை: 84 × 0.000022 × 70 = 0.129 மி.மீ.
இரும்பு லைனர்:   84 × 0.000011 × 70 = 0.065 மி.மீ.
வித்தியாசம்:                           0.064 மி.மீ.
```

அதாவது சூடானதும் துளை லைனரைவிட 0.064 மி.மீ. கூடுதலாகப் பெரிதாகும். இரும்பு பிளாக்குக்கு வழக்கமாக வைக்கும் 0.04 மி.மீ. இறுக்கத்தை இங்கே வைத்தால், ஓடும்போது இறுக்கம் போய் 0.024 மி.மீ. இடைவெளி வந்துவிடும். 0.09 வைத்தால் 0.026 மி.மீ. இறுக்கம் மிஞ்சும்.

நிஜத்தில் லைனர் பிளாக்கைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டில் இருக்கும், அதனால் நிலைமை இந்தக் கணக்கு காட்டுவதைவிடச் சற்று மேல். அதை நம்பி இறுக்கத்தைக் குறைக்காதீர்கள். இடைவெளி விழுந்தால் லைனரின் சூடு அலுமினியத்துக்குப் போக வழியில்லை. லைனர் இன்னும் சூடாகும், பிஸ்டனும் சூடாகி விரிந்து பிடிக்கும். அதிகமாக இறுக்குவதும் தவறு. சிலிண்டர்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய சுவர் வெடிக்கும். லைனர் தயாரிப்பாளர் கொடுத்த எல்லைக்குள் இருங்கள்.

படி 5: லைனரை இறக்குவது

பழைய லைனரைக் கடைந்து எடுத்த பிறகு, துளையின் அடியில் லைனர் உட்கார ஒரு படி இருக்க வேண்டும். பிளாக்கை ஓவனில் 160 டிகிரிக்கு ஏற்றுங்கள். கேஸ் டார்ச் வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் சூடாகி உலோகத்தின் வலு போய்விடும். லைனரை ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். 30 டிகிரியிலிருந்து கணக்கிட்டால் துளை 0.24 மி.மீ. பெரிதாகும், லைனர் 0.044 மி.மீ. சுருங்கும். 0.09 இறுக்கத்தைக் கழித்தாலும் 0.19 மி.மீ. இடம் கிடைக்கிறது. லைனர் தானாகவே இறங்கும், சுத்தியல் தேவைப்படாது.

ஆனால் சில விநாடிகள்தான். லைனர் சூட்டை வாங்கியதும் பாதியில் பிடித்துக்கொள்ளும், அதனால் நேராகப் பிடித்து ஒரே இறக்கம். படியில் உட்கார்ந்ததும் மேலே பாரம் வைத்து, பிளாக் முழுதாக ஆறும்வரை விடுங்கள். ஆறும்போது லைனர் மேலே நகரக்கூடும், நகர்ந்தால் அடியில் சந்து விழுந்து பின்னால் அதுவே இறங்கும்.

படி 6: கடைசல்

மேல்முகத்துக்குச் சற்று வெளியே நிற்கும்படி லைனரை விட்டு, ஆறிய பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே மட்டமாகச் சீவுங்கள். போரிங்கும் ஹோனிங்கும் அதற்கு அப்புறம். இறுக்கம் லைனரை உள்நோக்கி நெருக்கியிருக்கும், முன்கூட்டியே கடைந்து வந்த துளை இப்போது அந்த அளவில் இருக்காது. ஹோனிங்குக்கு முன் ஹெட்டுக்குப் பதிலாக டார்க் பிளேட்டைப் பூட்டச் சொல்லுங்கள். அலுமினிய பிளாக்கில் ஹெட் போல்ட்டை முறுக்கும்போதே துளையின் வட்டம் மாறும், டார்க் பிளேட் அதே இழுப்பை முன்கூட்டியே கொடுத்துவிடும். லேத் பட்டறையில் டார்க் பிளேட் இல்லை என்றால், அது இருக்கும் வேறு பட்டறைக்கு பிளாக்கைக் கொண்டுபோங்கள்.