குர்தாவுக்கு மேல் எது, சட்டைக்கு மேல் எது?

கையில்லாத மேலாடைகளில், குர்தாவுக்கு மேல் போட ஏற்றது பண்டி, அதாவது நேரு ஜாக்கெட். நிமிர்ந்த பட்டைக் காலர், கழுத்து வரை பொத்தான், இடுப்புக்குக் கீழே நேராக முடியும் வெட்டு. குர்தாவோடு போட்டுப் பார்த்தே வாங்குங்கள். எல்லாப் பொத்தானையும் மாட்டி உட்காருங்கள். வயிற்றருகே துணி குறுக்கே இழுத்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். குர்தா காலர் மேலே சற்றுத் தெரிவது நல்லது, பண்டியின் கழுத்தில் வியர்வைக் கறை படியாது.

வெயிஸ்ட்கோட் கோட்டுக்கு உள்ளே, சட்டைக்கு மேலே போடுவது. டை தெரிவதற்காகக் கழுத்து 'வி' வடிவில் இறங்கும். பெரும்பாலும் காலர் இராது. கடைசிப் பொத்தானை மாட்டாமல் விடுவதே வழக்கம். முதுகு பொதுவாக லைனிங் துணிதான். அதனால் குர்தாவுக்கு மேல் போடாதீர்கள், பின்னால் அந்தப் பளபளப்பு தனியாகத் தெரியும்.

ஜிப் வைத்து, உள்ளே பஞ்சு அடைத்த ஜிலே, ஊட்டிக் குளிரில் ஸ்வெட்டருக்கு மேல் போட.