ஸ்பான்சர் கடிதத்தில் அந்த மூன்றெழுத்தை எழுதாதீர்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடமாகக் கடிதம் எழுதுகிறேன். போன வாரம் கொருக்குப்பேட்டையிலிருந்து இரண்டு தம்பிகள் வந்தார்கள். அவர்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு ஸ்பான்சர் கேட்டு எழுதிய கடிதத்தை, "அண்ணா, ஒருமுறை பார்த்துக் கொடுங்க" என்று நீட்டினார்கள். பொருள் என்ற இடத்தில் "சிஎஸ்ஆர் நிதி வழங்கக் கோருதல்" என்று இருந்தது. நான் முதல்முதலாக எழுதிய கடிதத்திலும் இதே வரிதான். பெரிய கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டிய பணம்தான் சிஎஸ்ஆர். எழுத்துப்பிழை, தேதி விட்டுப்போவது எல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். இந்த ஒன்றைத்தான் யாரும் திருத்துவதில்லை.

விழாவுக்கு சிஎஸ்ஆர் நிதி கேட்பது

அப்போது நாங்கள் நடத்த நினைத்தது இரண்டு நாள் கேரம் போட்டி. பதினாறு போர்டு, அறுபத்து நாலு ஆட்டக்காரர்கள், ஒரு கல்யாண மண்டபம். மணலி பக்கம் இருந்த ஒரு கம்பெனியிடம் நாற்பதாயிரம் ரூபாய் கேட்டோம். மேடையில் அவர்கள் பேனர், விழா மலரில் பின் அட்டை விளம்பரம் என்றும் எழுதினோம். பெரிய கம்பெனி என்றால் சிஎஸ்ஆர் பணம் இருக்கும், அந்தப் பெயரைச் சொன்னால் சீக்கிரம் கிடைக்கும் என்பது என் எண்ணம். ஆறு வாரம் பதிலே இல்லை. அப்புறம், "எங்கள் சிஎஸ்ஆர் திட்டத்தின் கீழ் இது வராது" என்று ஒரே வரி. அதற்குள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதிச் செலவை உறுப்பினர்கள் கைப்பணத்தில் போட்டார்கள்.

கம்பெனிக்குக் கொடுக்க மனமில்லை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் என் கடிதம் தவறான மேஜைக்குப் போயிருக்கிறது. சிஎஸ்ஆர் என்று பார்த்ததும் வரவேற்பில் இருந்தவர் அதை சிஎஸ்ஆர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் குழுவால் அந்தப் பணத்தைக் கொடுக்கவே முடியாது. விளம்பரப் பிரிவால் முடியும். ஆனால் கடிதம் அங்கே போகவில்லை.

ஏன் முடியாது? 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனிக்குத்தான் சிஎஸ்ஆர் கடமை. நம் பகுதியில் நாம் கதவு தட்டும் கம்பெனிகளில் பல இந்த வரம்புக்குள்ளேயே வராது. வருகிற கம்பெனிக்கும் இரண்டு தடைகள் உண்டு. தன் பொருளுக்கு விளம்பரம் தேடிக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப்பை சிஎஸ்ஆர் கணக்கில் காட்டக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. மாரத்தான், விருது விழா மாதிரி ஒருமுறை நடந்து முடியும் நிகழ்ச்சிகளும் அதில் சேராது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2014-லேயே சுற்றறிக்கை விட்டது. ஒரு பக்கம் சிஎஸ்ஆர் கேட்டு, மறுபக்கம் பேனர் போடுகிறேன் என்று எழுதினால், நம் கடிதமே நம் கோரிக்கையை அடித்துவிடுகிறது.

வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி கொடுக்கிறீர்கள், அதற்குக் கேட்கிறீர்கள் என்றால் அது வேறு பேச்சு. அப்படி வெளியமைப்பு ஒன்றின் மூலம் செலவு செய்ய, அது பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ இருக்க வேண்டும். 12ஏ, 80ஜி என்று நாம் சொல்லும் வருமான வரிப் பதிவுகளும், CSR-1 பதிவும், மூன்று வருடம் வேலை செய்த சான்றும் கேட்பார்கள். தன் உறுப்பினர்களின் நலனுக்காக நடக்கும் வியாபாரிகள் சங்கத்துக்கு 80ஜி கிடைப்பது அரிது. அதனால் நமக்கு நேர்வழி விளம்பர ஸ்பான்சர்ஷிப்தான்.

அடுத்த வருடம் அதே கம்பெனிக்கு, இந்த முறை விற்பனை மேலாளர் பெயருக்கு, இப்படி எழுதினேன்:

"பொருள்: கேரம் போட்டிக்கு விளம்பர ஸ்பான்சர்ஷிப், ரூ.40,000. எங்கள் சங்கத்தில் 180 கடைகள் உறுப்பினர்கள். தங்கள் பொருளை விற்கும் கடைகளும் இதில் உண்டு. மேடையின் வலப்புறம் 10க்கு 6 அடி பேனர் இரண்டு நாளும் இருக்கும். விழா மலர் 500 பிரதி, பின் அட்டை முழுப்பக்கம் தங்களுக்கு. பேனர் அச்சடிக்கும் செலவு எங்களுடையது. வரும் 15-ஆம் தேதிக்குள் ஒப்புதல் கிடைத்தால் மலரில் சேர்த்துவிடுவோம்."

ஒன்பதாம் நாள் போன் வந்தது. தொகையும் குறையவில்லை. அதே போட்டி, அதே நாற்பதாயிரம், அதே கம்பெனி. கடிதம் போன மேஜைதான் வேறு. கொருக்குப்பேட்டை தம்பிகளின் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் அவர்கள் மேல் இல்லை. இவ்வளவு வருடமாகியும் இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்றுதான்.

நன்கொடை என்றும் விளம்பரம் என்றும் சேர்த்து எழுதுவது

இதுவும் அதே நோயின் சின்ன வடிவம். "நன்கொடை" என்று கேட்டால் கணக்குப் பிரிவு 80ஜி ரசீது கேட்கும். நம்மிடம் இருக்காது. விளம்பரம் என்றால் அது கம்பெனிக்கு வியாபாரச் செலவு. கடிதத்தின் தொடக்கம் முதல் ரசீது வரை ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி வாயே திறக்காமல் இருப்பது

நம்மைப் போன்ற சங்கம், அதாவது கம்பெனியாகப் பதிவாகாத அமைப்பு, ஒரு கம்பெனிக்கோ கூட்டு நிறுவனத்துக்கோ ஸ்பான்சர்ஷிப் வாய்ப்பைக் கொடுத்தால், அதற்கான 18 சதவீத வரியைப் பணம் கொடுப்பவரே நேராக அரசுக்குக் கட்டுகிறார். ரிவர்ஸ் சார்ஜ் என்பார்கள். நாற்பதாயிரத்துக்கு 7,200 ரூபாய். அவர்களுக்கு ஆகும் செலவு 47,200. மேலாளர் கையில் ஐம்பதாயிரம் வரைக்கும்தான் அதிகாரம் இருந்து, நாம் நாற்பத்தைந்தாயிரம் கேட்டால், வரியோடு 53,100 ஆகி விஷயம் மேலிடத்துக்குப் போய்விடும். இது எனக்கு ஒருமுறை நடந்தது. கடிதத்தின் கடைசியில், "சங்கம் ஜிஎஸ்டி பதிவு பெறவில்லை, வரி ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் சங்கத்தின் பதிவு எந்த வகை என்பதை மட்டும் முதலில் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

"தங்களால் இயன்ற உதவி"

தொகையை எழுதுங்கள்.

ரொக்கம் கேட்பது

வேண்டாம். காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம், சங்கத்தின் கணக்குக்கு மட்டும். செயலாளர் பெயரிலுள்ள ஜிபே எண்ணைக் கடிதத்தில் போட்டால் கணக்குப் பிரிவு அங்கேயே நிறுத்திவிடும்.

ஊர்ப்பெருமையை முதல் பக்கம் முழுக்க எழுதுவது

2024-ல் நம்ம புதுவண்ணாரப்பேட்டை காசிமா கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதிலிருந்து, வடசென்னையில் கேரம் போட்டிக் கடிதங்கள் பலவும் அவரிடமிருந்துதான் தொடங்குகின்றன. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அதற்கு ஒரு வாக்கியம் போதும். மேலாளர் தேடுவது தேதி, இடம், எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு தொகை. இந்த நான்கும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

போட்டிக் கம்பெனிக்கும் அதே இடத்தைக் கொடுப்பது

ஒரு பெயிண்ட் கம்பெனி பின் அட்டையை எடுத்திருக்கும்போது இன்னொரு பெயிண்ட் கம்பெனியின் பேனரை மேடையில் கட்டிவிட்டோம். விழா அன்று வந்தவர் எதுவும் பேசாமல் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. ஒரே வகைப் பொருளுக்கு ஒரு ஸ்பான்சர்தான் என்று கடிதத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறோம் இப்போது.

விழா முடிந்ததும் மறந்துவிடுவது

ஒரு வாரத்துக்குள் பேனர் தெரியும் போட்டோ இரண்டு, மலர் இரண்டு பிரதி, ரசீது. மலரில் அவர்கள் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு செருகி அனுப்புங்கள். அதைத்தான் மேலாளர் தன் கோப்பில் வைத்துக்கொள்கிறார்.