உங்கள் கடைசி விலை புரோக்கருக்கு ஏன் தெரியக்கூடாது

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். தரகர் விற்பவரின் விரலைப் பிடிக்கிறார், அப்புறம் வாங்குபவரின் விரலைப் பிடிக்கிறார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தத்தம் கணக்கு மட்டுமே தெரியும். இரண்டு பக்கக் கணக்கும் தெரிந்தவர் தரகர் ஒருவர்தான். மனை விற்கும்போது துண்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொருளாதாரத்தில் இதை முதன்மையர், முகவர் சிக்கல் என்பார்கள். வேலையைக் கொடுப்பவர் முதன்மையர், அவருக்காகப் பேசுபவர் முகவர். முகவருக்கு நம்மைவிட விவரம் அதிகம் தெரியும், ஆனால் அவர் லாபமும் நம் லாபமும் ஒன்றல்ல. என் சித்தப்பா தன் மனையை விற்ற கதையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

சித்தப்பா கோவையில் இருக்கிறார், மனை திருச்சிக்கு வெளியே, 2,400 சதுர அடி. 62 லட்சம் என்று விலை சொல்லச் சொல்லி ஒரு புரோக்கரிடம் கொடுத்தார். போனை வைக்கும் முன் வெள்ளை மனதோடு இன்னொன்றும் சொன்னார்: “தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். 54-க்குக் கீழ மட்டும் போயிடாம பாத்துக்கங்க.” முதலில் வந்த பார்ட்டி 51 என்றார். அடுத்தவர் 53. மூன்றாவது ஆள் 54.5 என்றதும் சித்தப்பாவுக்குக் கடவுளே இறங்கி வந்த மாதிரி இருந்தது. பன்னிரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. பத்திரப் பதிவன்று டீக்கடையில் வாங்கியவர் பேச்சுவாக்கில் சொன்னார்: “நான் 60 வரைக்கும் ரெடியாத்தான் வந்தேன். 55-க்குள்ள முடிச்சிடலாம்னு புரோக்கர்தான் சொன்னாரு.”

புரோக்கர் பொய் சொல்லவில்லை, திருடவும் இல்லை. அவர் கணக்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு சதவீதம் கமிஷன். 54.5 லட்சத்துக்கு விற்றதில் அவருக்குக் கிடைத்தது 1,09,000 ரூபாய். இழுத்துப் பிடித்து 60 லட்சத்துக்கு முடித்திருந்தால் 1,20,000. சித்தப்பாவுக்கு ஐந்தரை லட்சம் வித்தியாசம், புரோக்கருக்கு 11,000. அந்த 11,000-க்காக இன்னும் இரண்டு மாதம் பெட்ரோல் போட்டு ஆட்களைக் கூட்டிவர வேண்டும், நடுவில் பேரம் முறிந்தால் உள்ளதும் போகும். போதாததற்கு அந்த வாங்குபவர் வருடத்துக்கு இரண்டு மூன்று மனை வாங்குகிற ஆள். சித்தப்பா வாழ்க்கையில் ஒருமுறை விற்கிறவர். புரோக்கர் யாரைப் பகைத்துக்கொள்வார்?

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தில் நடந்த கிட்டத்தட்ட ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை எடுத்துக்கொண்டார்கள். ஏஜென்ட்கள் தங்கள் சொந்த வீட்டை விற்றதையும் வாடிக்கையாளர்களின் வீட்டை விற்றதையும் ஒப்பிட்டார்கள். 2008-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஏஜென்ட்டின் சொந்த வீடு சுமார் 9.5 நாள் கூடுதலாகச் சந்தையில் இருந்தது, சுமார் 3.7 சதவீதம் அதிகமாக விலைபோனது. தன் வீடு என்றால் பொறுமை வருகிறது.

ஆக முதல் தவறு, கடைசி விலையையும் அவசரத்தையும் சேர்த்து ஒப்புவித்துவிடுவது. கடைசி விலையைச் சொன்ன நொடியிலிருந்து புரோக்கரின் வேலை எளிதாகிவிடுகிறது. அந்த எண்ணுக்குச் சற்று மேலே ஒரு ஆளைப் பிடித்தால் போதும். நீங்கள் சொல்ல வேண்டியது கேட்கும் விலையை மட்டும். “குறைஞ்சது எவ்வளவுக்குக் குடுப்பீங்க?” என்று அவர் கேட்பார், கேட்காத புரோக்கர் இல்லை. “பார்ட்டி சொல்ற விலையை வாட்ஸப்ல எழுதி அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். எழுத்தில் கேட்பதற்குக் காரணம் உண்டு. முதலில் அடிமட்ட விலை சொல்கிற பார்ட்டிகளில் சிலர் உங்கள் எதிர்பார்ப்பைத் தணிக்க வந்தவர்களாகவும் இருக்கலாம். பெயர், தேதி, தொகை என்று எழுதிக் கொடுக்கத் தயங்குகிற விலையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

சித்தப்பா இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம்தான் எனக்குக் கவலையாக இருந்தது. “அடுத்த தடவை கைக்கு 58 குடு, மேல வர்றது உன்னுதுன்னு சொல்லிடணும்டா” என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேலே வருவதெல்லாம் அவருக்கு என்றால் அதிக விலைக்குப் பாடுபடுவாரே! பாடுபடுவார், ஆனால் அது உங்களுக்காக இல்லை. மனை 66 லட்சம் பெறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் உங்களை 58-ல் சம்மதிக்க வைப்பதற்குத்தான் முதல் உழைப்பு போகும். வாங்குபவரை உங்கள் கண்ணில் காட்டமாட்டார், காட்டினால் விலை வெளிப்பட்டுவிடும். நேர்மையாக 58.5 லட்சத்துக்கு ஒருவர் வந்தால் அதை உங்களிடம் சொல்லாமலே தட்டிக்கழிக்கலாம், அதில் அவருக்கு அரை லட்சம்தானே. கடைசியில் வாங்குபவர் கொடுத்த பணம் ஒன்று, உங்கள் கைக்கு வந்தது ஒன்று என்றாகி, பத்திரத்தில் எதை எழுதுவது என்ற தலைவலி உங்கள் கையெழுத்தின் கீழ் வந்து உட்காரும்.

ஐந்து புரோக்கர்களிடம் ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டால் போட்டியில் விலை ஏறும் என்பதும் இதேபோல ஒரு நினைப்பு. போட்டி வரும், ஆனால் விலையில் அல்ல, வேகத்தில். முடிப்பவருக்கு மட்டுமே கமிஷன் என்றால், நல்ல விலைக்குக் காத்திருப்பவர் ஏமாளி. அடுத்தவன் முந்துவதற்குள் எந்த விலைக்காவது முடிக்கத்தான் ஐந்து பேரும் ஓடுவார்கள். அப்புறம் “அந்தப் பார்ட்டியை முதல்ல கூட்டி வந்தது நான்தான்” என்று இரண்டு பேர் கமிஷனுக்கு நிற்பதும் உண்டு.

எனக்குச் சரியாகப் படுவது, ஒருவரிடம் மட்டும், 60 அல்லது 90 நாள் கெடு வைத்து, கமிஷனைப் படிக்கட்டாகப் பேசுவது. சித்தப்பா மனைக்கே போட்டுப் பார்ப்போம். 56 லட்சம் வரை ஒரு சதவீதம், அதற்கு மேல் வருகிற தொகையில் மட்டும் பத்து சதவீதம். 54.5-க்கு விற்றால் நம் பக்கத்திலிருந்து அவருக்கு 54,500. 60-க்கு விற்றால் 56,000-மும், மேலே வந்த நாலு லட்சத்தில் 40,000-மும், ஆக 96,000. முன்பு அந்த ஐந்தரை லட்சத்துக்காக நம்மிடமிருந்து அவருக்கு வரக்கூடியது வெறும் 5,500, இப்போது 41,500. அவர் இரண்டு வாரம் கூடுதலாக அலையத் தயாராக இருப்பார். வாங்குபவரிடம் எவ்வளவு வாங்குகிறார் என்பதையும் முதல் நாளே கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாடு நிற்பதே அந்த 56 என்ற படியில்தான். அதை மகள் கல்யாணச் செலவிலிருந்து கணக்கிடக்கூடாது, புரோக்கரையே கேட்டும் வைக்கக்கூடாது. tnreginet.gov.in தளத்தில் வழிகாட்டி மதிப்பு கிடைக்கும். அதுவே சந்தை விலை ஆகாது. அதே தளத்தில் பக்கத்து சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்தால் சமீபத்தில் கைமாறிய மனைகளும் பத்திரத்தில் காட்டிய தொகையும் தெரியும். பத்திரத் தொகை உண்மை விலையைவிடக் குறைவாக இருப்பது நம் ஊர் வழக்கம் என்பதால், வாங்கியவர்கள் இரண்டு பேரிடமாவது நேரில் கேட்டுவிடுவது நல்லது. ஒரு நாள் வேலை. தரகரிடம் மட்டுமே இருந்த விவரத்தில் பாதி இப்போது உங்களிடமும் வந்துவிட்டது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் செய்கிற பெரிய தவறு, அலைய முடியவில்லை என்று புரோக்கருக்கே பவர் எழுதிக் கொடுப்பது. பவர் கொடுத்துவிட்டால் அவர் போடுகிற கையெழுத்து உங்கள் கையெழுத்து. அதைவிட மோசம், அவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு பவர் கொடுப்பது. சொத்தில் முகவருக்கே ஒரு பாத்தியதை இருந்தால், அதைப் பாதிக்கும்படி அதிகாரத்தைத் திரும்பப் பெற முடியாது என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 202-ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் விலக்கு. சாதாரண பவரை ரத்து செய்தாலும் சிக்கல் தீராது. அவரை நம்பிப் பேரம் பேசும் மூன்றாம் ஆளுக்கு ரத்து தெரியவரும் வரை, அந்த ஆளைப் பொறுத்தவரை பவர் உயிரோடுதான் இருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தம்பி, மகள் என்று சொந்தத்தில் ஒருவருக்கு, அந்த ஒரு சொத்துக்கு மட்டும், பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்ற வரியோடு எழுதுங்கள்.

அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தரகர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது. 215-ஆம் பிரிவில் ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். சொத்தை விற்றுத் தா என்று ஒருவர் முகவரிடம் சொல்கிறார், முகவர் இன்னொருவர் பெயரில் தானே வாங்கிக்கொள்கிறார். முக்கியமான விஷயத்தை மறைத்தார் என்றோ, அந்தப் பேரத்தால் தனக்கு நட்டம் என்றோ காட்டினால் உரிமையாளர் அந்த விற்பனையை மறுக்கலாம். காட்ட வேண்டியவர் நீங்கள்தான் என்பதைக் கவனியுங்கள். வாட்ஸப்பில் எழுதி வாங்கிய விலைகள் அப்போது உதவும்.

வாங்கும் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலையில் சதவீதம் வாங்குகிற ஆளிடம் விலையைக் குறைத்துத் தரச் சொல்வது, அவர் கூலியைக் குறைக்கச் சொல்வதுதான். மொத்தமாக இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி, நீங்கள் சொல்லும் விலைக்குக் கீழே முடித்தால் மிச்சத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். “அந்த எடம் அமையாதுங்க, ஓனர் மனசு மாறிட்டாரு” என்று சொல்லிவிட்டுத் தானே வாங்கிப்போடுகிற தரகர்களும் உண்டு. அப்படி வாங்கியது தெரியவந்தால், அவர் கொடுத்த அதே விலைக்கு உங்களுக்குத் தரச் சொல்லி வற்புறுத்தலாம் என்று 216-ஆம் பிரிவு உதாரணத்தோடு சொல்கிறது. கைவிட்டுப் போன இடத்தின் சர்வே எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அதற்கு ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.