காப்புறுதிப் பணம் வந்துவிட்டதா? கடிதத்தோடும் பில்லோடும் சரிபார்க்கும் முறை

மருத்துவமனைக்குக் கைக்காசைக் கட்டிவிட்டுப் பிறகு கிளைம் போட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். காப்புறுதி நிறுவனம் அனுப்பும் கடிதத்தில் உள்ள தொகை வங்கியில் விழுந்துவிட்டால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அது போதாது. கடிதத்தை மருத்துவமனை பில்லோடும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் காப்புறுதி நிறுவனத்தின் ஆப்பில் கிளைம் நிலையைப் பாருங்கள். "Pending" என்று இருந்தால் சும்மா காத்திருக்காதீர்கள். அசல் ரசீதோ, டாக்டர் நிரப்ப வேண்டிய பாரமோ போய்ச் சேராமல் இருக்கலாம். போன் செய்து எது குறைகிறது என்று கேளுங்கள். "Approved" என்றால் தொகை முடிவாகிவிட்டது, பணம் இனிமேல்தான் வரும்.

அப்புறம் கடிதம் வருவதற்குள் உங்கள் கணக்கை நீங்களே போட்டு வையுங்கள். ஓர் உதாரணம்: பினாங்கில் டிங்கி காய்ச்சலுக்கு மூன்று இரவு தங்கிய ஒருவரின் பில் 4,860 வெள்ளி. அறை வாடகை நாளுக்கு 220, பாலிசி தருவது 180. அதனால் மூன்று நாளுக்கு 120 வெள்ளி கழியும். அட்மிஷன் கிட் 35, உடன் தங்கியவரின் சாப்பாடு 75, மெடிக்கல் ரிப்போர்ட் கட்டணம் 50, ஆக 160 வெள்ளி இவருடைய பாலிசி ஏற்காத செலவு. ரிப்போர்ட் கட்டணத்தைச் சில பாலிசிகள் ஓரளவு தரும், உங்கள் பாலிசியின் பலன் அட்டவணையில் பாருங்கள். மீதி 4,580. அதில் அவரே ஏற்க வேண்டிய பங்கான 5 சதவீத கோ-பேமெண்ட் 229. வர வேண்டியது 4,351 வெள்ளி.

இப்போது கடிதத்திலும் 4,313, வங்கியிலும் 4,313 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றுதான், ஆனால் 38 வெள்ளி குறைகிறது. 40 வெள்ளி கூடுதலாகக் கழித்து, அதனால் கோ-பேமெண்டில் 2 வெள்ளி குறைந்தால் சரியாக 38 வரும். 40 என்பது ஒரு நாள் அறை வாடகையின் வித்தியாசம். வீடு திரும்பிய நாளையும் சேர்த்து நான்கு நாளாக எண்ணியிருக்கிறார்கள்! பில்லில் மூன்று இரவுக்குத்தான் வாடகை இருக்கிறது. இப்படிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கேட்பது எளிது.

கிளைம் எண், பில்லின் அந்தப் பக்கம், உங்கள் கணக்கு மூன்றையும் இணைத்து மின்னஞ்சலில் மறு ஆய்வு கேளுங்கள். போனில் மட்டும் சொல்லி விடாதீர்கள். நிறுவனத்தின் இறுதி முடிவு எழுத்தில் வந்தும் திருப்தி இல்லையென்றால், அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் மலேசியாவின் நிதிச் சேவைப் புகார்களைத் தீர்க்கும் அமைப்பான FMOS-இல் புகார் கொடுக்கலாம். முன்பு இந்த வேலையைச் செய்த OFS அமைப்பு இருந்த இடத்தில் 2025 ஜனவரி முதல் இதுதான் இயங்குகிறது. புகார் கொடுப்பவருக்குக் கட்டணம் இல்லை.

வங்கியில் வந்த தொகை கடிதத்தைவிட அதிகமாக இருந்தால், பின்தொடர் சிகிச்சைக்காக நீங்கள் போட்ட இன்னொரு கிளைமும் சேர்ந்து வந்திருக்கலாம். அதற்கான கடிதத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.