விலை ஏறும்போது லிஃபோ: தொகை சரியாக இருக்கும், ஜாப் கணக்கு தவறியிருக்கும்

லிஃபோ முறையில், கடைசியாக வந்த சரக்கின் விலையைத்தான் முதலில் வழங்கலுக்குப் போட வேண்டும். விதி இவ்வளவுதான். ஆனால் எந்தத் தேதியில் கடைசி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஒரு பட்டறையில் இரும்புக் கம்பி ஆரம்ப இருப்பு 100 கிலோ, கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8ஆம் தேதி 200 கிலோ 66 ரூபாய்க்கும், 15ஆம் தேதி 100 கிலோ 72 ரூபாய்க்கும் வாங்குகிறார்கள். முதல் ஜாபுக்கு 10ஆம் தேதி 150 கிலோவும், இரண்டாவது ஜாபுக்கு 18ஆம் தேதி 180 கிலோவும் போகின்றன.

முதல் ஜாபுக்கு 150 கிலோவும் 66 ரூபாய்தான்: 9,900. மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து கணக்குப் போடுபவர் 72 ரூபாய்ச் சரக்கை இதற்கே எழுதிவிடுவார். 10ஆம் தேதி அந்தச் சரக்கு கடையிலிருந்து கிளம்பவே இல்லையே! அப்படி எழுதினால் முதல் ஜாபுக்கு 10,500, இரண்டாவதற்கு 11,700 ஆகும். சரியான கணக்கில் இரண்டாவதற்கு 100 கிலோ 72 வீதம், 50 கிலோ 66 வீதம், 30 கிலோ 60 வீதம் சேர்த்து 12,300 வரும். இரண்டு விதத்திலும் கூட்டுத்தொகை 22,200தான். இறுதி இருப்பும் மாறாது. அதனால் தவறு கண்ணில் படாது. ஒவ்வொரு வழங்கலுக்குப் பிறகும் மிச்சத்தை விலைவாரியாக ஸ்டோர்ஸ் லெட்ஜரில் எழுதினால்தான் இதைத் தவிர்க்கலாம்.

அடுத்தது, லிஃபோ என்றாலே செலவு இன்றைய சந்தை விலையில் இருக்கும் என்ற நம்பிக்கை. இரண்டாவது ஜாபைப் பாருங்கள். புதிய சரக்கு தீர்ந்து பழைய 60 ரூபாய்ச் சரக்குவரை இறங்கிவிட்டதால் சராசரி கிலோவுக்கு சுமார் 68.33தான். அதே கம்பியை 72க்கு வாங்கியிருந்தால் 12,960 ஆகியிருக்கும். இந்த 12,300ஐ வைத்து அடுத்த கொட்டேஷன் கொடுத்தால் 660 ரூபாய் கைவிட்டுப் போகும். விலை ஏறிக்கொண்டிருக்க, கொள்முதலைவிட வழங்கல் வேகமாக ஓடும் மாதங்களில் இது கட்டாயம் நடக்கும்.

அப்புறம் இறுதி இருப்பு. மிஞ்சிய 70 கிலோவும் 60 வீதம் 4,200. முதலில் வந்த சரக்கின் விலையை முதலில் போடும் ஃபிஃபோவில் அதே 70 கிலோ 72 வீதம் 5,040. வித்தியாசம் 840. அதில் 600 முதல் ஜாபிலும் 240 இரண்டாவதிலும் கூடுதல் செலவாக ஏறியிருக்கிறது. இரண்டு ஜாபும் விற்று முடிந்திருந்தால் லாபமும் அதே 840 குறைவாகத் தெரியும்.

இந்த 4,200ஐ அப்படியே இருப்புநிலைக் குறிப்பில் கொண்டுபோவதுதான் பெரிய தவறு. இதுபோல ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்தக்கூடிய சரக்குக்கு இந்தியாவில் கணக்கியல் தரநிலை 2 ஃபிஃபோவையும் எடையிட்ட சராசரியையும் மட்டுமே ஏற்கிறது. நிதிக் கணக்கு ஃபிஃபோவில் இருந்தால், அடக்கக் கணக்கின் லாபத்திலிருந்து தொடங்கும் சரிக்கட்டும் பட்டியலில் 840ஐக் கூட்ட வேண்டும்; பதற்றத்தில் கழித்துவிடுபவர்களும் உண்டு.