செட்டிநாட்டு வீட்டை வைத்து ஒரு டிவி தொடர்: சேனலுக்குக் கோப்பு தயாரிப்பது எப்படி?

"செட்டிநாட்டு வீடுகள் பற்றி 13 வார ஆவணத் தொடர்." நான் முதன்முதலில் ஒரு சேனலுக்குக் கொண்டுபோன கோப்பில் முதல் வரியே இதுதான். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் படித்துவிட்டு, "மூணாவது வாரம் என்ன காட்டுவீங்க?" என்றார். "தேவகோட்டை வீடுகள் சார்." "முதல் வாரம்?" "காரைக்குடி வீடுகள்." கோப்பை மூடிவிட்டார்.

அவர் செய்தது சரி. என்னிடம் இருந்தது தலைப்புதான், தொடர் இல்லை.

முதலில் அச்சைப் பிடியுங்கள்

ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் வாராவாரம் மாறாமல் நடக்கிற ஒன்று வேண்டும். சேனல்காரர்கள் ஃபார்மட் என்பது அதைத்தான். அது ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். இரண்டாம் முறை நான் எழுதியது இது: "ஒவ்வொரு வாரமும் ஒரு பழைய வீட்டில் உடைந்துபோன ஒரு பொருள், அதைச் சரிசெய்யத் தெரிந்த கையைத் தேடிப் போய், சரிசெய்து, திரும்ப அதே வீட்டில் வைக்கிறோம்." தொடரின் பெயர் 'பழுது'.

இதில் ஒரு கேள்வி தானாக வந்துவிடுகிறது: சரியாகுமா, ஆகாதா? பார்ப்பவர் கடைசி வரை உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

அச்சு உறுதியா என்று பார்க்க, உங்களுக்குப் பிடித்த விஷயங்களை அதில் போட்டுப் பாருங்கள். கண்டாங்கிச் சேலை எனக்கு உயிர். ஆனால் அதில் என்ன பழுது? எடுத்துவிட்டேன், மனசில்லாமல். சமையலும் அப்படித்தான் வெளியே நின்றது. செட்டிநாடு என்றாலே "சாப்பாடு எங்கே?" என்று சேனலில் கேட்பார்கள். கல்யாணத்துக்கு எடுத்த பித்தளை அண்டாவில் ஈயம் தேய்ந்திருக்கிறது, ஈயம் பூசினால்தான் சமைக்க முடியும் என்று யோசித்ததும் சாப்பாடும் உள்ளே வந்துவிட்டது.

ஒரு பகுதியை மட்டும் முழுதாக எழுதுங்கள்

13 பகுதிகளையும் விரிவாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. ஒன்றை ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். இன்னும் ஐந்தாறுக்கு மும்மூன்று வரி போதும். அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக உங்கள் கையில் இருப்பது 22 நிமிடம் போல. அதை நான்கு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் இடைவேளைக்கு முன் எங்கே நிற்கிறது என்று காட்டுங்கள்.

என் மாதிரிப் பகுதி, தரையில் பதிக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்:

ஒன்று: கானாடுகாத்தானில் ஒரு வீடு. பட்டாலைத் தரையில் மூன்று கல் உடைந்திருக்கிறது. ஆச்சி ஒரு துண்டைக் கையில் தருகிறார். இந்தப் பூ இப்போது யாரிடம் இருக்கிறது?

இரண்டு: ஆத்தங்குடி. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வண்ணச் சிமெண்ட்டை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் சிவப்பும் மஞ்சளும் கலந்துவிடும். தொகுப்பாளர் தூக்குகிறார், கலந்துவிடுகிறது. இடைவேளை.

மூன்று: மறுபடி ஊற்றி, மேலே காய்ந்த கலவை தூவி, அதன்மேல் சாந்து பூசுகிறார்கள். கல் காய்ந்து, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும்.

நான்கு: கண்ணாடியிலிருந்து கல்லைக் கழற்றுகிறார்கள். இந்தக் கல்லைப் பாலிஷ் போடுவதில்லை; கண்ணாடியின் வழவழப்புதான் அதன் பளபளப்பு. கல்லை வீட்டில் பதிக்கிறார்கள். பழைய கற்களுக்கு நடுவே புதுசு பளிச்சென்று தனியாகத் தெரிகிறது. ஆச்சி என்ன சொல்வார்?

கவனியுங்கள், மூன்றாம் துண்டில் படப்பிடிப்புச் செலவு ஒளிந்திருக்கிறது. கல் ஊறும் நாட்களில் குழுவைச் சும்மா உட்காரவைக்க முடியாது. இரண்டு முறை போக வேண்டும். இரண்டு பகுதிகளை மாற்றி மாற்றி எடுத்தால் சமாளிக்கலாம். பட்ஜெட்டில் இதை நீங்களே எழுதிவிட்டால், வேலை தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்கள்.

தொகுப்பாளர்

"துடிப்பானவர், கலகலப்பானவர்" என்று எழுதாதீர்கள். எல்லாக் கோப்பிலும் அதே வரிதான். அவர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்று எழுதுங்கள். எங்கள் தொகுப்பாளருக்கு வேலை தெரியாது, கேமராவைப் பார்த்து வரலாறு சொல்லமாட்டார், ஒவ்வொரு வாரமும் ஒரு முறையாவது சொதப்புவார். விளக்குவது கைவினைஞர்தான். மாதிரிக்கு இரண்டு வரியும் சேர்த்தேன்:

"அண்ணே, கலந்துடுச்சு."
"பரவால்லம்மா, கழுவிட்டு மறுபடி ஊத்து. நான் கத்துக்கிட்டப்ப எத்தனை கழுவுனேன்னு கணக்கில்லை."

அனுமதிக் கடிதம்

ஒரு முறை சாவி வைத்திருந்தவர் சரி என்றதும் கேமராவை இறக்கிவிட்டோம். மதியம் வெளியூரிலிருந்து ஒரு பங்காளி போன் செய்து நிறுத்திவிட்டார். செட்டிநாட்டு வீடு பலருக்குப் பொதுச்சொத்தாக இருக்கும். ஒருவர் தலையாட்டினால் போதாது. எத்தனை பங்கு என்று முதலிலேயே கேட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எந்தக் கட்டு வரை போகலாம், சாமி அறை உண்டா இல்லையா, கல்லைப் பெயர்க்கலாமா என்பதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டு வீடுகளின் கடிதங்களையாவது கோப்பின் கடைசியில் இணைத்துக் கொடுங்கள்.