ஸ்டாக் வித்தியாச அறிக்கை: நஷ்டத்தை லாபமாகக் காட்டும் தவறுகள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் குடோன் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 3.1 கிலோ டப்பா ஆறு. சிஸ்டத்தில் பெங்களூரா 1,240 பெட்டி, எண்ணியதில் 1,212. அல்போன்சா சிஸ்டத்தில் 300, எண்ணியதில் 305. அடக்க விலை பெங்களூரா 1,000 ரூபாய், அல்போன்சா 2,400 ரூபாய்.

பெங்களூராவில் 28 பெட்டி குறைவு என்று உடனே எழுதிவிடுவதுதான் முதல் தவறு. காலை 7 மணிக்கு 20 பெட்டி ஏற்றிய லாரி கிளம்பிவிட்டது, 9 மணிக்கு சிஸ்டம் லிஸ்ட் எடுத்து எண்ண ஆரம்பித்தார்கள், பில் போட்டது 11 மணிக்கு. சரக்கு போய்விட்டது, கணக்கில் இன்னும் இருக்கிறது. எண்ணும் நாளின் கேட் பதிவேட்டையும் கடைசி பில் எண்ணையும் ஒத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அந்த 20-ஐக் கழித்தால் சிஸ்டம் 1,220. உண்மையான குறைவு 8 பெட்டி.

அடுத்த தவறுதான் ஆபத்தானது: ரூபாயில் ஒன்றை ஒன்றால் கழிப்பது. பெங்களூரா 8 பெட்டி குறைவு, 8,000 ரூபாய். அல்போன்சா 5 பெட்டி அதிகம், 12,000 ரூபாய். கழித்தால் 4,000 ரூபாய் உபரி! முதலாளி சந்தோஷப்படுவார், விஷயம் அங்கேயே மூடப்படும். அல்போன்சா என்ன, குடோனுக்குள்ளேயே காய்த்ததா? சரக்கு தானாகக் கூடாது. கூடியிருந்தால் பில்லிலோ ஏற்றியதிலோ பிழை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டெலிவரி சலானைப் புரட்டினால், அல்போன்சா என்று பில் போட்டு 5 பெட்டி பெங்களூராவை ஏற்றி அனுப்பியது தெரிகிறது. அந்த 12,000 லாபம் இல்லை, வாங்கியவருக்கு நாம் தர வேண்டிய சரக்கு. அவர் ஏற்றுக்கொண்ட பிறகே இரண்டு கணக்கையும் திருத்த வேண்டும். மிஞ்சும் நிஜக் குறைவு 3 பெட்டி, 3,000 ரூபாய். 1,220-இல் சுமார் 0.25 சதவீதம். அதனால் அறிக்கையில் குறைவுக்குத் தனிப் பத்தி, அதிகத்துக்குத் தனிப் பத்தி வைத்து, நிகரத்தைக் கடைசியில் காட்டுங்கள்.

குறைவை விற்பனை விலையில் மதிப்பிடாதீர்கள். கிடைக்காத லாபமும் நஷ்டத்தில் ஏறிவிடும். அடக்க விலைதான் சரி. ஆனால் தொலைந்த சரக்குக்கு உள்ளீட்டு வரி எடுத்திருந்தால், சிஜிஎஸ்டி சட்டம் 17(5)(h) பிரிவின்படி அதைத் திருப்ப வேண்டும். திருப்பும் வரியும் நஷ்டமே. இதைப் பலர் மறந்து, ஆடிட்டர் கேட்கும்போது முழிப்பார்கள்.

உப்பிய டப்பாக்கள் வேறு கதை. அவை கண்ணெதிரே இருப்பதால் நல்ல இருப்போடு சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். அவற்றைத் தனியே அடுக்கி, சேதம் என்று எழுதுங்கள். காணாமல் போனதோடும் கலக்காதீர்கள். காணாமல் போனதற்குக் கேட்டைப் பார்க்க வேண்டும், உப்பியதற்கு டப்பாவின் பேட்ச் எண்ணை.

மறுபடி எண்ணும்போது ஆளை மாற்றுங்கள், சிஸ்டம் எண்ணைக் கொடுக்காதீர்கள். 1,220 என்று தாளில் பார்த்தவர் கண்ணுக்கு 1,220 பெட்டிதான் தெரியும்.